அறுபத்து நான்கு பேருக்கு ஓர் அனுமதி: தொழிற்சாலைப் பார்வைக் கோரிக்கை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மெயில் வந்தது 17ஆம் தேதி, திங்கட்கிழமை. நான் அதைத் திறந்தது வெள்ளிக்கிழமை பிற்பகல்.

வால்வுகளுக்கும் பம்புகளுக்கும் இரும்பு வார்ப்புகள் செய்யும் ஆலை ஒன்றில் அப்போது எச்.ஆர். பிரிவில் இருந்தேன். வேலை கேட்டு வரும் விண்ணப்பங்களும் பயிற்சி கேட்டு வரும் கடிதங்களும் ஒரே மெயில் பெட்டியில்தான் வந்து விழும். இந்த மெயிலின் தலைப்பு ‘அனுமதி வேண்டி’. அனுப்பியவரின் முகவரி ஒரு மாணவியின் சொந்த மெயில் முகவரி. தலைப்பையும் முகவரியையும் மட்டும் பார்த்தால் யாரோ வேலை கேட்கிறார்கள் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதனால் நான்கு நாள் அப்படியே கிடந்தது.

உள்ளே இருந்தது இவ்வளவுதான்:

“மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள். புகழ்பெற்ற தங்கள் நிறுவனத்தை நேரில் கண்டு நடைமுறை அறிவு பெற விரும்புகிறோம். 64 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் வருகிறோம். வரும் 28ஆம் தேதியோ தங்களுக்கு வசதியான வேறு எந்த நாளிலோ அனுமதி அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.”

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இதைப் படித்த நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், ஆலை மேலாளருக்கு அனுப்பி ‘என்ன சொல்லலாம்?’ என்று கேட்பது. அதைச் செய்தேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: “64 பேரா? எதைப் பார்க்க? மாதக் கடைசி வேண்டவே வேண்டாம்.” நகல் போயிருந்த பாதுகாப்பு அலுவலர் இன்னும் இரண்டு வரி சேர்த்தார்: “வார்ப்புப் பகுதிக்குள் ஒரு நேரத்தில் 16 பேருக்கு மேல் விடமாட்டேன். ஷூ யார் தருவது? ஓர் ஆசிரியர் போதாது.”

இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட மாணவியின் மெயிலில் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. இப்படி நின்றுபோகும் கோரிக்கைகளைப் பொதுவாக யாரும் மறுப்பதில்லை. மறுக்கவும் ஒரு காரணம் எழுத வேண்டுமே. அது பாட்டுக்குக் கிடக்கும். போன் வந்தால் ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்போம். உள்ளே யாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம்.

எச்.ஆர். என்னும் வாசல்

கடிதம் எழுதும் மாணவர்களில் பலர் எச்.ஆர்.தான் அனுமதி கொடுக்கும் இடம் என்று நினைக்கிறார்கள். எங்கள் ஆலையில் என் கையெழுத்து மட்டும் இருந்தால் ஒருவரும் கேட்டைத் தாண்ட முடியாது. உற்பத்தி கெடாது என்று ஆலை மேலாளருக்கு நம்பிக்கை வர வேண்டும். யாருக்கும் அடிபடாது என்று பாதுகாப்பு அலுவலர் ஒத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரின் டிசைன் வெளியே போகாது என்று தரப்பிரிவு பார்க்கும். யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியல் கேட் காவலருக்கு வேண்டும். நான் இந்த நால்வருக்கும் நடுவே தபால்காரன்.

அதனால் எச்.ஆருக்கு வரும் கடிதம் நல்ல கடிதமா என்று பார்க்க நான் வைத்திருந்த அளவுகோல் எளிது. என் பங்குக்கு ஒரு வரிகூடச் சேர்க்காமல் அதை அந்த நால்வருக்கும் அப்படியே தள்ளிவிட முடியுமா? முடிந்தால் அன்றே தள்ளிவிடுவேன். முடியாவிட்டால் அது எனக்கு ஒரு வேலை, மற்ற வேலைகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். ‘தங்களுக்கு வசதியான எந்த நாளிலும்’ என்ற பணிவான வாக்கியம்கூட அந்த வகைதான். எழுதியவருக்கு அது விட்டுக்கொடுத்தல். எனக்கோ, மாதம் முழுக்க நாலு பேரின் அட்டவணையைத் துழாவி ஒரு நாளைக் கண்டுபிடிக்கும் வேலை. இரண்டு தேதி கொடுத்து ‘இதில் ஒன்று’ என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம்.

அந்த போன்

24ஆம் தேதி பதினொரு மணிவாக்கில் மாணவி போன் செய்தார். காலைக் கூட்டங்கள் முடிந்து, சாப்பாட்டுக்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம் எங்கள் ஆபீஸில் யாரையும் பிடிக்க நல்ல நேரம். தெரிந்து செய்தாரா, தற்செயலா என்று நான் கேட்கவில்லை.

வழக்கமான கேள்வி ‘சார், எங்க மெயில் பாத்தீங்களா?’ என்று வரும். அதற்கு ‘பார்த்தோம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இவர் கேட்டது வேறு: “சார், மெயில் இப்ப யார்கிட்ட இருக்கு? அவங்க முடிவு பண்றதுக்கு எங்ககிட்டேர்ந்து என்ன தெரியணும்?”

எனக்கு வேலை குறைந்தது. வந்திருந்த கேள்விகளை அப்படியே படித்துக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டார். அதில்தான் பேச்சு நீண்டது.

ஏன் பதினாறு?

64 பேரும் ஒரே வகுப்பு, ஒரே பேருந்தில் சமாளித்து வந்துவிடலாம், ஆலையும் பெரியது, அப்புறம் என்ன தடை என்பது அவருடைய முதல் சந்தேகம். நியாயமானதுதான். ஆலை பெரியது, நடக்கும் வழி பெரியதல்ல. வார்ப்புப் பகுதியில் இரண்டு மஞ்சள் கோடுகளுக்கு நடுவே நடக்க வேண்டும், இருவர் எதிரெதிரே வந்தால் தோளைத் திருப்பிக்கொள்ள வேண்டிய அகலம். கோட்டுக்கு வெளியே ஃபோர்க்லிஃப்ட் ஓடும். தலைக்கு மேலே கிரேனில் உருகிய இரும்பு நிறைந்த வாளி போகும். வார்க்கும்போது அந்த இரும்பு ஏறக்குறைய 1,400 டிகிரி செல்சியஸ். ஈரம் பட்ட இடத்தில் அது சிந்தினால் நீர் ஒரே நொடியில் ஆவியாகி உலோகத்தைத் தெறிக்க வைக்கும். ஆகவே பார்வையாளர்கள் எல்லோரும் ஒரே பக்கம், ஒரே வரிசையில், வாளியின் பாதையிலிருந்து விலகி நிற்க வேண்டும். வரிசை நீண்டால் அதன் வால் எங்கேயாவது கோட்டைத் தாண்டும்.

இரண்டாவது காரணம் சத்தம். வார்ப்புகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் இடத்தில் சத்தம் 85 டெசிபலுக்கு மேலே இருக்கும், காதடைப்பான் இல்லாமல் விடமாட்டோம். காதடைப்பான் போட்டுக்கொண்டவருக்கு விளக்குபவரின் குரல் கேட்காது. அதனால் சத்தமில்லாத இடத்தில் நிறுத்திச் சொல்லிவிட்டு, உள்ளே கையால் சுட்டிக் காட்டுவோம். அதுவும் முன்னால் நிற்கும் ஏழெட்டுப் பேருக்குத்தான் தெரியும், பின்வரிசை எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் பதினாறு என்பது இரண்டு வரிசை. மூன்றாவது வரிசைக்காரர்கள் எதையும் பார்க்கப் போவதில்லை, தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள். பாதுகாப்பு அலுவலர் சொன்ன மூன்றாவது காரணம் எனக்கே புதிது: அபாய மணி அடித்தால் கூடும் இடத்துக்குப் போய்த் தலை எண்ண வேண்டும், பதினாறு தலையை ஒருவர் பதற்றத்திலும் சரியாக எண்ணிவிடுவார்.

இதைக் கேட்டதும் மாணவி கணக்குப் போட்டார். நான்கு குழு. ஒரு நாளில் இரண்டு குழு, ஒன்று வார்ப்புப் பகுதியில் இருக்கும்போது மற்றது எந்திரப் பகுதியில், பிறகு மாற்றிக்கொள்ளலாம். அப்படியானால் இரண்டு நாள் தேவை. இங்கேதான் சிக்கல் வந்தது. இரண்டு நாள் என்றால் இரண்டு முறை பேருந்து வாடகை. துறைத்தலைவர் சம்மதிக்கமாட்டார், ஒரே நாளில் காலை இரண்டு குழு, மாலை இரண்டு குழு வரலாமா என்றார்.

வரலாம், ஆனால் மாலைக் குழு வார்ப்பதைப் பார்க்காது. எங்கள் உலையில் காலையில் உருக்கி, பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை அச்சுகளில் ஊற்றுவோம். பிற்பகலில் ஆறிய அச்சை உடைத்து வார்ப்பை வெளியே எடுக்கும் வேலைதான் நடக்கும். அதுபோக 2 மணிக்கு ஷிஃப்ட் மாறும். ஒரு ஷிஃப்ட் வெளியே போகும், ஒன்று உள்ளே வரும். அந்த அரை மணி நேரத்தில் கேட்டில் 32 பார்வையாளர்களைக் காவலர் ஏற்கமாட்டார். வார்ப்பைப் பார்க்காமல் வார்ப்பாலைக்கு வந்துபோவது கல்யாண வீட்டுக்குப் பந்தி முடிந்தபின் போவதைப் போல. இதை நான் சொல்லவில்லை, போனில் அவரே சொன்னது.

மாதக் கடைசி ஏன் வேண்டாம் என்பதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. மாதக் கடைசி வாரத்தில் அனுப்ப வேண்டிய சரக்கெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும், வழிகாட்ட ஒரு பொறியாளரைக்கூட ஒதுக்க முடியாது.

இரண்டாவது கடிதம்

26ஆம் தேதி இரண்டாவது மெயில் வந்தது. கல்லூரி முகவரியிலிருந்து, பொறுப்பாசிரியருக்கு நகலோடு. தலைப்பு: ‘தொழிற்சாலைப் பார்வை அனுமதி – இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு – 32 + 32 மாணவர்கள் – 8, 9 அல்லது 15, 16’. தலைப்பை மட்டும் படித்தே மேலாளர் பாதி முடிவு எடுத்துவிடலாம். உள்ளே:

“24ஆம் தேதி போனில் பேசியதன் தொடர்ச்சி. வார்ப்பியல் பாடத்தில் கேட்டிங், ரைசர் அளவுகளைக் கணக்கிட்டிருக்கிறோம். அந்தக் கணக்கு உண்மையான அச்சில் எப்படி மாறுகிறது, சுருக்கக் குறைபாடு வார்ப்பில் எங்கே வருகிறது, வால்வு உடலை நீரழுத்தத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள் என்ற மூன்றையும் பார்க்க விரும்புகிறோம்.

நாளொன்றுக்கு 32 மாணவர்கள், 16 பேர் கொண்ட இரண்டு குழுக்கள், குழுவுக்கு ஓர் ஆசிரியர். காலை 9.15க்கு கேட்டில் இருப்போம், 1.30க்குள் வெளியேறிவிடுவோம். 10 முதல் 11.15 வரை ஒரு குழு வார்ப்புப் பகுதி, மற்றது எந்திர, சோதனைப் பகுதி, 11.15 முதல் 12.30 வரை மாற்றம். இது தங்கள் வசதிக்கேற்ப மாறலாம்.

அனைவரும் மூடிய ஷூ அணிந்து வருவோம். ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பான் ஆகியவை தங்களிடம் 32 பேருக்கு உள்ளதா எனத் தெரிவித்தால், குறைவதை நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். கைபேசிகளைப் பேருந்திலேயே வைத்துவிடுவோம். பெயர்ப்பட்டியல் பார்வைக்கு ஐந்து நாள் முன்னதாக வரும். துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம் இணைப்பில் உள்ளது. பொறுப்பாசிரியரின் போன் எண் கீழே.”

துறைத்தலைவரை இரண்டு நாளுக்கு எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று பிறகு கேட்டேன். ஒரு நாளுக்கு ஒரு பெரிய பேருந்துக்குப் பதில் சிறிய பேருந்து இரண்டு நாள், வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லையாம்.

இந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்தது முதல் பத்திதான். ‘நடைமுறை அறிவு’ என்று பொதுவாக எழுதினால், ஆலை மேலாளர் அன்றைக்கு வேலை குறைவாக உள்ள யாரையாவது கூட அனுப்புவார், அது பெரும்பாலும் சேர்ந்து மூன்று மாதமான பயிற்சியாளராக இருக்கும். கேட்டிங் என்பது உருகிய இரும்பு அச்சுக்குள் ஓடும் வழி. ரைசர் என்பது வார்ப்பு உறையும்போது சுருங்குவதால் குறையும் உலோகத்தை ஈடுசெய்ய அச்சிலேயே வைக்கும் ஒரு சேமிப்புக் குழி. அதன் அளவு தப்பினால் வார்ப்புக்குள் ஓட்டை விழும், எங்கள் ஆலையில் வீணாகும் வார்ப்புகளில் கணிசமானவை அதனால்தான். அதைப் பற்றிக் கேட்க ஒரு கூட்டம் வருகிறது என்றதும் மேலாளர் அச்சு வடிவமைக்கும் மூத்த பொறியாளரையே ஒதுக்கினார். அவரும் குறைபட்ட இரண்டு வார்ப்புகளை அறுத்து, உள்ளே ஓட்டை தெரியும்படி மேசையில் வைத்துக் காத்திருந்தார்.

கடிதத்தை அப்படியே நால்வருக்கும் தள்ளினேன். 27, 28 தேதிகளில் மூவர் சரி என்றார்கள். தரப்பிரிவு மட்டும் 8ஆம் தேதி ஒரு வாடிக்கையாளர் ஆய்வுக்கு வருவதால் 15, 16 என்றது. 31ஆம் தேதி திங்கட்கிழமை மாணவிக்கு அனுமதி மெயில் போனது, எங்கள் நிபந்தனைகளோடு.

நிபந்தனைகளில் ஒன்று, கல்லூரி தரும் பொறுப்பேற்புக் கடிதம். இதைப் பற்றி ஒரு வார்த்தை. பல நிறுவனங்கள் இதை வாங்கி வைத்துக்கொண்டால் தங்கள் பொறுப்பே போய்விட்டது என்று நினைக்கின்றன. ஆலைக்குள் பார்வையாளரைப் பாதுகாப்பாக நடத்தும் கடமையை ஒரு தாள் துடைத்துவிடாது. மாணவர்களைக் கட்டுக்குள் வைப்பது யார், யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது என்பதைத் தெளிவாக்குவதுதான் அதன் பயன். அதுவும் சிறிய பயன் இல்லை. இன்னொன்று, பெயர்ப்பட்டியலில் நாங்கள் கேட்டது பெயரும் கல்லூரிப் பதிவு எண்ணும் மட்டும். அடையாள அட்டை நகல்களை மெயிலில் வாங்கிக் குவிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்டில் அட்டையை நேரில் காட்டினால் போதும்.

15ஆம் தேதி

எல்லாம் எழுதியபடி நடக்கவில்லை. பட்டியலில் 32 பேர், கேட்டில் 33 பேர். மறுநாள் பட்டியலில் இருந்த ஒரு மாணவர், அன்று தனக்கு வேறு தேர்வு என்று முதல் நாளே வந்துவிட்டார். கேட் பாஸ்கள் முந்தைய நாள் மாலையே அச்சாகிவிடும், காவலர் விடவில்லை, அவர் சரியாகத்தான் செய்தார். நான் இறங்கி வந்து, பாதுகாப்பு அலுவலரிடம் கையெழுத்து வாங்கி அவரை உள்ளே எடுக்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் மற்ற 32 பேர் வெயிலில் நின்றார்கள். பாதுகாப்பு விளக்கத்தை அதற்காகக் குறைக்க அலுவலர் சம்மதிக்கவில்லை, வார்ப்புப் பகுதியில் முதல் குழுவின் நேரத்தில்தான் அது கழிந்தது. 75 நிமிடத்துக்குப் பதில் 55. ஒரே ஓர் ஆளால். ஒரு மெயில் முந்தைய நாள் வந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

அடுத்தது ஷூ. இது எங்கள் தப்பு. நிபந்தனையில் ‘மூடிய ஷூ’ என்று எழுதியிருந்தோம். நான்கு பேர் வலைத்துணி வைத்த விளையாட்டு ஷூவில் வந்தார்கள். அதுவும் மூடிய ஷூதானே! ஆனால் உலோகத் தெறிப்பு அந்த வலையில் விழுந்தால் நேராகக் காலில் இறங்கும். அதேபோல உடை, சிலர் பாலியஸ்டர் சட்டை. சூடு பட்டால் பருத்தி கருகும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். சட்டைக்கு மேலே போட பருத்திக் கோட்டுகள் எங்களிடம் சில இருந்தன, சமாளித்தோம். ஷூவுக்கு வழியில்லை. அந்த நால்வரும் வார்ப்புப் பகுதிக்குள் போகவில்லை. இரண்டு சுற்றும் எந்திர, சோதனைப் பகுதியிலேயே இருந்தார்கள். வால்வு உடலை அதன் மதிப்பிட்ட அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு நீரழுத்தத்தில் வைத்துக் கசிவு பார்ப்பதை இரண்டு முறை பார்த்தார்கள்.

அன்று மாலையே மாணவி அடுத்த குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினார். எனக்கும் நகல் வந்தது: ‘தோல் ஷூ. பருத்தி உடை. தொங்கும் துணி வேண்டாம். தலைமுடியைக் கட்டிக்கொள்ளவும். பட்டியலில் பெயர் இல்லாதவர் வர வேண்டாம்.’ எங்கள் நிபந்தனைத் தாளில் இருந்ததைவிட அது தெளிவாக இருந்தது. அடுத்த மாதம் எங்கள் தாளையே அப்படி மாற்றினோம். 16ஆம் தேதி 9.40க்கெல்லாம் பாதுகாப்பு விளக்கம் ஆரம்பித்துவிட்டது, இரண்டு குழுக்களும் வார்ப்பதை முழுதாகப் பார்த்தன.

பார்வைக்குப் பின் வந்த நன்றி மெயிலோடு ஒரு பக்கக் கேள்விகளும் அறிக்கையின் வரைவும் இருந்தன. கேள்விகளை அந்த மூத்த பொறியாளர் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பதில் எழுதினார். வரைவில் ஒரு மாணவர் நினைவிலிருந்து வரைந்த வால்வு உடலின் படம் ஒன்று, பக்கத்தில் அச்சில் பொறித்திருந்த வாடிக்கையாளர் பெயர். கைபேசி இல்லாமலே இவ்வளவு கவனித்திருக்கிறார். பெயரையும், அந்த வடிவத்துக்கே உரிய இரண்டு அளவுகளையும் எடுத்துவிடச் சொன்னோம், எடுத்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு அதே கல்லூரியின் இளைய வகுப்பிலிருந்து மெயில் வந்தது. அதே கடிதம், வரிக்கு வரி. மாணவி தன் நகலை அவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும். தேதிகூட 15, 16தான், அந்த மாதத்தில் 15 ஞாயிற்றுக்கிழமை. அதைவிடப் பெரிய சிக்கல், மின்கட்டணம் குறைவான நேரத்தில் உருக்குவதற்காக நாங்கள் அதற்குள் உலையை இரவு ஷிஃப்டுக்கு மாற்றியிருந்தோம். பத்து மணிக்கு வந்தால் ஆறிய அச்சுகளைத்தான் பார்ப்பார்கள். அந்த மெயிலை யாருக்கும் தள்ளாமல், கீழே இருந்த பொறுப்பாசிரியரின் எண்ணுக்கு முதலில் ஒரு போன் போட்டேன்.